பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி 8 நிமிட வீடியோ: ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்

காவிரிக்கரை

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு விழிப்புணர்வு வீடியோ எடுக்கிறோம். பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மாதத்தில் இருக்கும் குடும்பங்களுக்காக எடுப்பது. டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைக் கவரும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆளைக் கட்டிலில் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை.

ஐயாவுக்கு 74 வயது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும். பார்த்துக்கொள்வது மருமகள். மகன் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார்.

காட்சி 1, காலை 6.30: மருமகள் டயப்பர் மாற்றித் துடைத்துப் பவுடர் போடுகிறார். ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்.

காட்சி 2, காலை 8: இரண்டு தலையணையில் சாய்த்து இட்லி ஊட்டுகிறார். டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார். புரையேறுகிறது. தலையில் தட்டுகிறார்.

காட்சி 3, மதியம்: மருமகள் சாப்பிட உட்காரும்போது ஐயா கூப்பிடுகிறார். தட்டில் சாதம் ஆறுகிறது.

காட்சி 4, இரவு 2: அலாரம் அடிக்கிறது. மருமகள் எழுந்து ஐயாவைத் திருப்புகிறார். முடியாமல் கத்திவிடுகிறார், பிறகு அழுகிறார்.

காட்சி 5, மறுநாள் காலை: மகன் காபி போட்டுக் கொடுக்கிறார். மருமகள் சிரிக்கிறார். திரையில் "அன்பே மருந்து".

இதில் எது சரி, எது தவறு? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வார்டு சிஸ்டர்

தம்பி, நல்ல முயற்சி. ஆனால் முதல் இரண்டு காட்சிகளையும் இப்படியே எடுத்தால் பார்க்கிறவர்கள் அதையே செய்வார்கள், அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும். நான் நரம்பியல் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

காட்சி 1. விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோளைப் பிடித்து நிறுத்தும் தசையில் பலம் இல்லை, இழுத்தால் மூட்டு நழுவும். பிறகு மாதக்கணக்கில் தோள்வலி என்பார்கள், பிசியோதெரபியும் செய்யவிட மாட்டார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அதே தப்புதான்.

உங்கள் ஐயாவுக்கு வலது பக்கம் நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கமாக உட்காரவையுங்கள். முதலில் இரண்டு முட்டிகளையும் மடக்க வேண்டும். இடது கையை அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டு, தோளையும் இடுப்பையும் பிடித்து வலப்பக்கமாக ஒருக்களிக்க வேண்டும். அப்புறம் இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிவிடுங்கள். உங்கள் ஒரு கை அவருடைய தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பில். அவரை வலது முழங்கையை ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். கால் இறங்கும் கனத்திலேயே பாதி உடம்பு எழும்பிவிடும். மருமகளின் இடுப்பும் தப்பிக்கும்.

காட்சி 2 இன்னும் முக்கியம். சாய்ந்தபடி சாப்பாடு வேண்டாம். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி விழுங்க வேண்டும். பக்கவாதத்தில் தொண்டையும் தளர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் ஆபத்து, அது வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடமோ ஸ்பீச் தெரபிஸ்டிடமோ கேட்டுவிட வேண்டும். டம்ளரில் ஊற்றாமல் டீஸ்பூனில் கொடுங்கள், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. முடிந்ததும் இடது கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பக்கம் இட்லித் துண்டு அப்படியே ஒதுங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. பிறகு அரைமணி நேரமாவது படுக்கவைக்காதீர்கள்.

புரையேறினால் தலையில் தட்டுவதை எடுத்துவிடுங்கள். ஊட்டுவதை நிறுத்தி, முன்னால் சாய்ந்து இருமவிட வேண்டும். சிலருக்கு இருமலே வராது. தண்ணீர் குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கும், சாப்பிடும்போது மூச்சு வாங்கும், இரண்டு நாளில் லேசான காய்ச்சல் வரும். வெறும் சளி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

---

கடைவீதி

எங்கள் அப்பாவும் படுத்த படுக்கையாக இருந்தவர். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஏர் பெட் வாங்கிவிடுங்கள். அதில் காற்று மாறி மாறி நிரம்பும், அதனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. எங்கள் வீட்டில் இரவில் யாரும் எழுந்ததில்லை. சிவந்த இடத்தில் தினமும் தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவோம், ரத்த ஓட்டம் வரும். காட்சி 4-ஐ எடுத்துவிட்டு ஏர் பெட்டைக் காட்டுங்கள், எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்.

---

மழைக்கால வீடு

ஐயாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு மறதி நோய். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருகிறார். "நேற்றே குளித்தேன்" என்கிறார், குளித்து நாலு நாள் ஆகிறது. உங்கள் வீடியோவில் இதற்கு வழி சொல்வீர்களா?

---

காவிரிக்கரை

நன்றிங்க. அந்த ஐயா கதாபாத்திரம்தான், நிஜ ஆள் இல்லை. மறதி நோய் தனி வீடியோவாக எடுக்க வேண்டிய விஷயம், இதில் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும். சிஸ்டர், அவருக்கு ஏதாவது சொல்ல முடியுமா? ஏர் பெட் பற்றியும் சொல்லுங்கள்.

---

வார்டு சிஸ்டர்

மழைக்கால வீடு, அம்மாவிடம் நாலு நாள் கணக்கைச் சொல்லி வாதாடாதீர்கள். அவரைப் பொறுத்தவரை நேற்றுக் குளித்தது உண்மை. நோய்க்கு முன்னால் எந்த நேரத்தில் குளிப்பாரோ அதே நேரத்தில் கூப்பிடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவதில் தொடங்காமல் காலில் தொடங்குங்கள், உடம்பைத் துண்டால் மூடியபடியே கழுவலாம். அன்று முடியவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

கடைவீதி ஐயா, ஏர் பெட் நல்லதுதான், வாங்கச் சொல்லி நானே பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் திருப்பவே வேண்டாம் என்பது சரியில்லை. அழுத்தத்தை அது குறைக்கும், இல்லாமல் செய்யாது. குதிகாலுக்கு அதனால் பெரிய பலன் கிடைப்பதில்லை. அதோடு கரண்ட் போனாலோ மோட்டார் குழாய் கழன்றாலோ காற்று இறங்கி வெறும் பிளாஸ்டிக் விரிப்பாகிவிடும். தினமும் மெத்தைக்கு அடியில், அவருடைய வால் எலும்பு இருக்கும் இடத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பாருங்கள். உடம்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். மெத்தைமேல் இரண்டு மூன்று போர்வையை மடித்துப் போட்டாலும் பலன் போய்விடும்.

சிவந்த இடத்தைத் தேய்ப்பது கூடவே கூடாது. அங்கே தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். எண்ணெய் தடவ வேண்டுமென்றால் மற்ற இடங்களில் மெதுவாகத் தடவுங்கள்.

சிவப்பு என்று சொல்கிறோமே தவிர நம் தோல் நிறத்தில் பல நேரம் சிவப்பாகவே தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்து, ஊதா கலந்து தெரியும். தொட்டால் சூடாக இருக்கும், சிலருக்குக் கட்டியாகவும் சிலருக்குக் கொழகொழவென்றும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுத்துத் திரும்ப வர வேண்டும். அழுத்தியும் மாறாமல் அப்படியே இருந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் முதல் படி. தோல் கிழிந்த பிறகு கண்டுபிடித்தால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

---

மூத்த மருமகள்

நான் இப்போது இதே நிலைமையில் இருக்கிறேன். எங்கள் அத்தைக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. காட்சி 5-ஐப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு காபியில் சரியாகிற விஷயமா இது?

பகல் வேலை எனக்குப் பாரமில்லை. மலம் எடுப்பதும் ஊட்டுவதும் பழகிவிட்டது. என்னை உடைத்தது இரவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். 10, 12, 2, 4, 6. அலாரம் வைத்து எழுவேன். திருப்பிவிட்டுப் படுத்தால் தூக்கம் பிடிக்க அரைமணி, அதற்குள் அடுத்த அலாரம். மாதக்கணக்கில் இப்படித் தூங்கிப் பாருங்கள். அடுப்பில் பால் வைத்தது நினைவிருக்காது. என் பி.பி. மாத்திரையை விட்டுவிட்டேன். ஒருநாள் திருப்பும்போது அத்தையை வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தள்ளினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்த்தார். அன்றைக்குத்தான் என் கணவரிடம் இனி என்னால் இரவு பார்க்க முடியாது என்று சொன்னேன்.

"கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்" என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த வேலையை யார் எடுத்துக்கொண்டால் அந்த ஓய்வு கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வீடியோவில் அதைக் காட்டுங்கள்.

---

வார்டு சிஸ்டர்

அம்மா, அத்தைக்கு ஏர் பெட் இருக்கிறதா? இப்போது தோலில் எங்காவது நிறம் மாறியிருக்கிறதா? சாப்பாடு எப்படி இறங்குகிறது?

---

மூத்த மருமகள்

ஏர் பெட் இருக்கிறது சிஸ்டர். தோல் நன்றாக இருக்கிறது. சாப்பாடும் பரவாயில்லை, முட்டை, பருப்பு எல்லாம் மசித்துக் கொடுக்கிறேன். சிறுநீருக்கு டயப்பர்தான், டியூப் இல்லை.

---

வார்டு சிஸ்டர்

அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு மணி நேரம் என்பது சாதாரண மெத்தைக்கு வார்டில் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நல்ல மெத்தை இருந்து, தோல் முழுதாக இருந்து, சாப்பாடும் இறங்குகிற ஒருவருக்கு இரவில் இடைவெளியை நான்கு மணி நேரம் வரை நீட்ட முடியும். ஆனால் ஒரே நாளில் தாவக் கூடாது. முதலில் மூன்று மணி நேரம் செய்து பாருங்கள். காலையில் நல்ல வெளிச்சத்தில் வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, காது இத்தனையும் பார்க்க வேண்டும். படுத்திருந்த பக்கத்தில் எழுந்தவுடன் கொஞ்சம் நிறம் மாறியிருப்பது இயல்பு, அரைமணிக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்த இடைவெளி அத்தைக்கு ஒத்துவரவில்லை, பழையபடி குறைத்துவிடுங்கள். சரியாக இருந்தால் சில நாள் கழித்து நாலு. சர்க்கரை இருந்தாலோ மிகவும் மெலிந்தவராக இருந்தாலோ உங்கள் டாக்டரைக் கேட்காமல் நீட்டாதீர்கள்.

10, 2, 6 என்று வந்துவிட்டால் இரவில் எழ வேண்டியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருக்களிக்கும்போது செங்குத்தாக நிறுத்தாதீர்கள், இடுப்பு எலும்பில் முழுக்கனமும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஓட்டை வைத்த வளைய மெத்தையும் தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம், அவை அழுத்தத்தை விளிம்புக்கு மாற்றுமே தவிரக் குறைக்காது.

---

மூத்த மருமகள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றிரவு மூன்று மணி நேரத்தில் தொடங்குகிறேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லை.

---

தெற்கு வீதி

எனக்கு 71 வயது. பக்கவாதம் வந்து படுத்திருந்தேன், இப்போது கோலோடு நடக்கிறேன். அதனால் கட்டிலில் கிடப்பவன் பக்கம் இருந்து சொல்கிறேன்.

உங்கள் ஸ்கிரிப்டில் ஐயா வாயே திறக்கவில்லை. எல்லாம் புரியும் என்று எழுதிவிட்டு, அவரைச் சுற்றிப் பேசவிட்டிருக்கிறீர்கள். தூங்கிக்கொண்டிருப்பவனை ஒரு வார்த்தை சொல்லாமல் திடீரென்று புரட்டினால் கிணற்றில் விழுவது போல இருக்கும். விழுந்த பக்கம் உடம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. பயத்தில் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். "ஏன் விறைக்கிறீர்கள்" என்று என் மகன் திட்டுவான்.

பிறகு என் மகள் ஒரு பழக்கம் கொண்டுவந்தாள். விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி எழுப்பி, "அப்பா, சுவர் பக்கம் திருப்பப்போறேன், மூணு எண்ணுறேன்" என்பாள். மூன்று என்றதும் நானும் நல்ல காலை ஊன்றித் தள்ளுவேன். அவளுக்குப் பாதிக் கனம் குறைந்தது. இதை வீடியோவில் வையுங்கள்.

கத்துகிற காட்சி வேண்டாம். அதைப் பார்க்கிற நோயாளிக்கு, தான் பாரம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

---

மூத்த மருமகள்

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அந்தக் காட்சி இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள், தான் மட்டும்தான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். முரட்டுத்தனமாகத் தள்ளியது நடந்த பிறகுதான் நான் வாய் திறந்தேன். அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவாவது அது வேண்டும்.

---

படப்பெட்டி

குறும்படம் எடுப்பவன். மூன்று விஷயம் சொல்கிறேன். இரவில் திருப்புவதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள், எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். முகத்தைவிடக் கைகளைக் காட்டுங்கள், கை எங்கே பிடிக்கிறது என்பதுதான் பாடம். டயப்பர் மாற்றுவதை நிஜ நோயாளியை வைத்து எடுக்காதீர்கள். நடிகர் போதும், அதிலும் போர்வை மூடியே இருக்கட்டும்.

---

கடைவீதி

சிஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அப்பாவுக்குக் கடைசிவரை புண்ணே வரவில்லை என்பதும் உண்மை.

---

வார்டு சிஸ்டர்

அப்பா கட்டிலில் தானாக அசைவாரா ஐயா?

---

கடைவீதி

ஆமாம், இடுப்பெலும்பு முறிவுதான். கையை ஊன்றி அப்படி இப்படி நகர்ந்துகொள்வார்.

---

வார்டு சிஸ்டர்

அதுதான் வித்தியாசம். தானாக நகர முடிந்தவர் தூக்கத்தில்கூட அழுத்தத்தை மாற்றிக்கொள்வார். உணர்ச்சி போன பக்கத்தில் வலியே தெரியாது, அதனால் அவர் நகரவும் மாட்டார், உங்களைக் கூப்பிடவும் மாட்டார்.

---

காவிரிக்கரை

காட்சி 4-ஐத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

இரவு 2 மணி. அலாரம் மகனின் போனில். மருமகள் அடுத்த அறையில் கதவைச் சாத்தித் தூங்குகிறார். மகன் விளக்கைப் போடுகிறார். "அப்பா, ஜன்னல் பக்கம் திருப்பப்போறேன்." ஐயா குழறலாக, "கை... கை" என்கிறார். இடது கை உடம்புக்கு அடியில் சிக்கியிருக்கிறது. மகன் அதை மெதுவாக எடுத்து வயிற்றின்மேல் வைக்கிறார். வலது முட்டியை ஐயாவே மடக்குகிறார், இடதை மகன் மடக்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் திருப்புகிறார். முதுகுக்குத் தலையணை, கெண்டைக்காலுக்குத் தலையணை. டயப்பரைத் தொட்டுப் பார்க்கிறார். சுவரில் ஒட்டிய தாளில் "2.00, ஜன்னல் பக்கம்" என்று எழுதுகிறார்.

அதற்கு முந்தைய காட்சியில், சாப்பாட்டு மேசையில் மருமகள் மகனிடமும் போனில் வெளியூர் நாத்தனாரிடமும் பேசுகிறார். "இரவு 10 மணிக்கு நான் திருப்புகிறேன், 2 மணி உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு ஆள் வைக்கப் பணம் அக்கா கொடுக்கட்டும்." காபிக் காட்சியையும் "அன்பே மருந்து" வரியையும் எடுத்துவிட்டேன். கத்தும் காட்சியை முடிவு செய்யவில்லை.

கடைசியில் திரையில் என்ன தகவல் கொடுக்கலாம்?

---

வார்டு சிஸ்டர்

காட்சி நன்றாக இருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் இடது கைக்குக் கீழே ஒரு தலையணை சேருங்கள், தொங்கக் கூடாது. இடது பக்கம் படுக்கும்போது இடது தோளை முன்னால் இழுத்துவைத்து, அதன்மேல் நேராகக் கனம் இறங்காமல் பாருங்கள். அந்தப் பக்கம் குறைந்த நேரம் போதும்.

தகவலுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் போடுங்கள். 2021-இல் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே தருவதும் அதில் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567-ஐயும் போடுங்கள்.

---

தெற்கு வீதி

"கை... கை" என்று சேர்த்தது சரி. கத்தும் காட்சி பற்றி என் கருத்து மாறவில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் மருமகள் ஐயாவின் முன்னால் கத்தாமல் சமையலறையில் கத்தட்டும்.

---

மூத்த மருமகள்

சமையலறையில் கத்தினால் அத்தைக்குக் கேட்கும் ஐயா. எங்கள் வீடு அவ்வளவுதான்.

சிஸ்டர், மூன்று மணி நேரம் செய்து பார்த்தேன். இடது இடுப்பில் கருப்பாக ஒரு இடம் தெரிந்தது, இருபது நிமிடத்தில் போய்விட்டது. வலது குதிகாலில் இருந்தது மட்டும் காலை பத்து மணிவரை போகவில்லை.

---

வார்டு சிஸ்டர்

இடுப்பு பரவாயில்லை. குதிகாலில் இருப்பது முதல் படி. விழுந்த பக்கக் கால் வேறு, அவருக்கு வலி தெரியாது. இன்று முதல் அந்தக் குதிகால் இரவும் பகலும் எதிலும் படக் கூடாது. இரவில் தலையணை நழுவியிருக்கும், கெண்டைக்கால் முழுதும் தாங்குகிற மாதிரி நீளமான தலையணையாக வையுங்கள். அது மாறும்வரை இரண்டு மணி நேரத்துக்கே திரும்புங்கள், ஆனால் 2 மணியும் 4 மணியும் உங்கள் கணவருடையது. இரண்டு நாளில் நிறம் போகாவிட்டாலோ கொப்புளம் தெரிந்தாலோ, சுகாதார நிலையத்தில் சொல்லி நர்ஸை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.